குப்பைக் கூடையில் போட்ட மருந்து

அந்தக் குழந்தைக்கு ஒன்றரை வயது, எடை 10 கிலோ. போன மாதம் காய்ச்சலுக்கு வாங்கிய பாராசிட்டமால் சிரப் சமையலறை அலமாரியின் மேல்தட்டில், கைக்கு எட்டாத உயரத்தில்தான் இருந்தது. வீட்டைச் சுத்தம் செய்த அன்று, "இனி இது வேண்டாம்" என்று மூடியைத் திருகி, பாதிக்கு மேல் மருந்தோடு பாட்டிலைக் கூடையில் போட்டுவிட்டார் அம்மா. கூடை தரையில் இருந்தது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் குழந்தையின் வாயிலும் சட்டையிலும் ஆரஞ்சு நிறம்.

குழந்தைகள் மருத்துவராக நான் பார்க்கும் மருந்து விபத்துகளில் இந்த வகைதான் எனக்குப் பெரிதாக எரிச்சல் தருவது. ஒரு மாதமாக அலமாரியில் பத்திரமாக இருந்த மருந்து, வேண்டாம் என்று தூக்கிப் போட்ட பிறகுதான் குழந்தையின் கையில் கிடைக்கிறது. நம் ஊர் சிரப் பாட்டில்களில் பலவற்றின் மூடி ஒரே திருகில் திறந்துவிடும். மருந்தும் இனிப்பு.

குழந்தையோடு பாட்டிலையும் எடுத்து வந்திருந்தார்கள். நல்ல காரியம். ஆனால் கூடையில் கிடந்த தேயிலைச் சக்கையில் ஊறி, லேபிள் பாதி கரைந்துபோயிருந்தது. பாராசிட்டமால் சிரப் பெரும்பாலும் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என இரண்டு வீரியங்களில் வருகிறது. எது என்று தெரியாமல் கணக்குப் போட முடியாது. அப்பா வீட்டுக்கு ஓடிப்போய் மருந்துக் கடை ரசீதைத் தேடி எடுத்துவந்தார். அது 250.

60 மில்லி பாட்டில். அப்போது வேளைக்கு 3 மில்லியாக ஆறு வேளை கொடுத்திருக்கிறார்கள். அதில் 18 மில்லி போக, 42 மில்லி இருந்திருக்க வேண்டும். ஊசிக்குழலில் உறிஞ்சி அளந்தபோது பாட்டிலில் 12 மில்லி இருந்தது. காணாமல் போனது 30 மில்லி. அதில் எவ்வளவு சட்டையில் போனது, எவ்வளவு வயிற்றுக்குள் போனது என்பது யாருக்கும் தெரியாது. அதனால் முழுவதையும் குடித்ததாகவே கொள்வோம். 30 மில்லியில் 1,500 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 150 மில்லிகிராம். பொதுவாக நாங்கள் பயப்படத் தொடங்கும் கோடு அதுதான். 125 வீரியமாக இருந்திருந்தால் இதில் பாதி, அவ்வளவு கவலை இல்லை.

குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தது. பாராசிட்டமால் அதிகமானால் முதல் நாள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், கல்லீரல் பாதிப்பு பிறகே வெளியில் தெரியும். குடித்து நான்கு மணி நேரம் ஆனதும் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தோம். விஷமுறிவு மருந்து தேவைப்படும் அளவுக்குக் கீழே இருந்தது. மறுநாள் வீட்டுக்குப் போனார்கள். போகும்போது அந்த அம்மா கேட்டார்: "அப்போ எப்படித்தான் டாக்டர் தூக்கிப் போடுறது?"

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் ஊரில் மருந்துக் கழிவைத் தனியாக வாங்குகிறார்களா என்று பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே காலாவதியான மருந்துகளை, பழைய பேட்டரி, உடைந்த வெப்பமானியோடு சேர்த்து வீட்டு அபாயக் கழிவு என்ற வகையில் வைத்தன. கேரளத்தில் வீடுகளில் மிஞ்சிய மருந்தைத் திரும்பப் பெற 2025-இல் கோழிக்கோட்டில் ஒரு திட்டத்தையே தொடங்கினார்கள். தனியாக வாங்கும் இடத்தில் மருந்தைக் கலக்கவோ கொட்டவோ வேண்டாம். மூடியை இறுக்கி, அதே பாட்டிலில், அதே அட்டையில் கொடுத்துவிடலாம். கொடுக்கும் நாள் வரை அது மேல்தட்டிலேயே இருக்கட்டும்.

அந்த வசதி இல்லாத ஊரில், மருந்தை யாரும் எடுத்துச் சாப்பிட முடியாதபடி ஆக்கிய பிறகே அது குப்பைக்குப் போக வேண்டும். ஓட்டையில்லாத ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு டம்ளர் உலர்ந்த மண், அடுப்புச் சாம்பல் அல்லது மரத்தூள் போடுங்கள். காபி, தேயிலைச் சக்கையும் ஆகும், ஆனால் வெயிலில் காயவைத்த பிறகுதான். ஈரச் சக்கை மருந்தை உறிஞ்சாது, பையில் தண்ணீராகத் தேங்கி நிற்கும். மிஞ்சிய சிரப்பை இதில் ஊற்றிப் பிசையுங்கள். 40 மில்லி சிரப்புக்கு ஒரு டம்ளர் மண் தாங்கும். பையைச் சாய்த்தால் எதுவும் ஒழுகக் கூடாது. ஒழுகினால் இன்னும் ஒரு கைப்பிடி போடுங்கள்.

காலாவதியான மாத்திரைகளையும் அட்டையிலிருந்து பிதுக்கி இதே கலவையில் போட்டுவிடலாம். நசுக்கவோ பொடிக்கவோ தேவையில்லை. தூள் மூக்கில் ஏறுவதுதான் மிச்சம். வீட்டில் கர்ப்பிணிக்கு வாங்கிய இரும்புச்சத்து மாத்திரை மிஞ்சியிருந்தால் அதை மறக்காதீர்கள். பார்க்க மிட்டாய் போலவே இருக்கும். சின்னக் குழந்தைக்குச் சில மாத்திரைகளே ஆபத்து.

பையை இறுகக் கட்டி, அதை இன்னொரு பைக்குள் வைத்து, தூய்மைப் பணியாளர் வண்டியோடு வரும் வேளையில் "இது பழைய மருந்து" என்று சொல்லிக் கையில் கொடுங்கள். மக்கும் குப்பையில் சேர்க்காதீர்கள், அது உரமாகும். தெருமுனைத் தொட்டியிலும் போடாதீர்கள், மாடு பையோடு மென்றுவிடும்.

பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிடுவது சுலபம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நாம் சாப்பிடும் மருந்தில் ஒரு பங்கு சிறுநீர் வழியாகச் சாக்கடைக்குப் போகத்தான் செய்கிறது, அதைத் தடுக்க முடியாது. பாட்டிலில் மிஞ்சியதையும் சேர்த்து அனுப்புவதைத் தடுக்கலாம். குறிப்பாக ஆன்டிபயாடிக் சிரப். சாக்கடையில் கோடிக்கணக்கான கிருமிகள் வாழ்கின்றன. மருந்து சிறிதளவு கலந்த நீரில், அதைத் தாங்கும் கிருமிகளே பிழைத்துப் பெருகுகின்றன. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மருந்துகளைப் பிரித்தெடுப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால், டயஸிபாம் போன்ற மருந்துகள் தவறானவர் கையில் கிடைத்தால் ஒரு வேளை அளவே உயிரைப் பறிக்கலாம். அதனால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலில், இவை உள்ளிட்ட 17 மருந்துகளை மட்டும் கழிப்பறையில் கொட்டி நீர் ஊற்றச் சொல்கிறது. புற்றுநோயாளி இருந்த வீடுகளில் இவை மிஞ்சியிருக்கலாம். குழந்தைகளுக்கான காய்ச்சல், சளி சிரப்புகள் அந்தப் பட்டியலில் இல்லை.

கொல்லையில் போட்டுக் கொளுத்துவதும் வேண்டாம். அட்டையின் பிளாஸ்டிக் எரிந்தால் வரும் புகை கெடுதல். ஆஸ்துமா இன்ஹேலர் தீயில் வெடிக்கும்.

எதைத் தூக்கிப்போட வேண்டும் என்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. பொடியில் தண்ணீர் கலந்து தயாரிக்கும் ஆன்டிபயாடிக் சிரப்பின் பெட்டியில் இரண்டு வருடம் தள்ளிக் காலாவதித் தேதி இருக்கும். அது பொடிக்கான தேதி. தண்ணீர் கலந்த பிறகு அமாக்சிசிலின்–கிளாவுலனேட் போன்றவை குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலே ஏழு நாள்தான். அடுத்த காய்ச்சலுக்கு ஆகும் என்று வைத்திருக்கும் பாட்டிலில் மருந்து நிறம் மாறி, வீரியம் போயிருக்கும். கலக்கும் அன்றே தேதியைப் பேனாவால் பாட்டில்மேல் எழுதிவிடுங்கள்.

கடைசியாக, காலிப் பாட்டில். மருந்து உள்ளே இருக்கும்வரை லேபிளைக் கிழிக்காதீர்கள். எங்களுக்கு அந்த 250 வேண்டும். காலியானதும் அலசி, லேபிளைக் கிழித்துவிட்டுப் போடுங்கள். முக்கியமாக, "நல்ல பாட்டில்" என்று பாட்டி அதில் மண்ணெண்ணெயோ பினாயிலோ ஊற்றி வைக்க விடாதீர்கள். சிரப் பாட்டிலில் இருப்பது சிரப் என்றுதான் குழந்தை நினைக்கும். அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், அந்தப் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.