வக்கீல் நோட்டீஸில் வசவு எதற்கு?

வர வேண்டிய பணம் வராமல் நொந்துபோய் வருகிற கட்சிக்காரர்கள் பலர், நோட்டீஸை அவர்களே எழுதிக் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். "இதை அப்படியே உங்கள் லெட்டர்ஹெட்டில் போட்டு அனுப்புங்கள், அது போதும்" என்பார்கள். படித்தால் முக்கால்வாசி கோபம், கால்வாசி கணக்கு. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்தக் காகிதத்தைக் கடைசியில் படிக்கப்போவது யார் என்பதை மட்டும் யோசிக்கச் சொல்வேன். எதிர்த்தரப்பு படிப்பது முதல்முறை. விஷயம் வழக்காக மாறினால், இரு தரப்பையும் முன்பின் தெரியாத ஒரு நீதிபதி அதையே ஆவணமாகப் படிப்பார்.

சமீபத்தில் மாற்றி எழுதிய ஒரு நோட்டீஸை வைத்தே சொல்கிறேன். யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மரவேலைப் பட்டறை நடத்துபவர் ஒருவர், ஒரு பயிற்சி மையத்துக்கு மேசைகளும் அலமாரிகளும் செய்து கொடுத்தார். எழுத்து ஒப்பந்தம் உண்டு. மொத்தம் 6,00,000. முன்பணம் 2,00,000 வந்தது, பொருள் இறங்கியபோது 2,50,000 வந்தது. மீதி 1,50,000, பொருத்தி முடித்த 30 நாட்களுக்குள் தர வேண்டும். மார்ச் 3 அன்று வேலை முடிந்தது. ஜூன் வரை பணம் வரவில்லை.

அவருடைய வரைவு இப்படித் தொடங்கியது: "ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு என் உழைப்பைச் சுரண்டிய மோசடிப் பேர்வழிகளான நீங்கள்..." அப்புறம் 1,50,000 அசல், 24 சதவீத வட்டி, மன உளைச்சலுக்கு 5,00,000 நஷ்டஈடு. மூன்று நாளில் தராவிட்டால் போலீஸ் புகார். போதாததற்கு, நகலை அந்த மையத்தில் படிக்கும் மாணவர்களின் பெற்றோருக்கும் அனுப்புவதாக ஒரு வரி.

முதல் வாக்கியத்திலேயே சிக்கல் இருக்கிறது. மோசடி என்றால், பேரம் பேசும்போதே தரக் கூடாது என்ற எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். மூன்று தவணையில் இரண்டை ஒழுங்காகத் தந்தவர்களைப் பார்த்து 'ஆரம்பத்திலிருந்தே' என்றால், நம் ரசீதுகளே நம்மைப் பொய்யாக்கும். பணம் தராமலிருப்பது ஒப்பந்த மீறல். வழக்குப் போட அதுவே போதும். நிரூபிக்க முடியாத பெரிய குற்றச்சாட்டை முன்னால் நிறுத்தினால், நிரூபிக்கக்கூடிய சின்ன உண்மையும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும்.

போலீஸ் மிரட்டலையும் எடுத்துவிட்டேன். உண்மையிலேயே குற்றம் நடந்திருந்தால் புகார் கொடுப்பது தனி உரிமை, அதைக் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்கலாம். ஆனால் "பணம் தா, இல்லையென்றால் புகார்" என்று பேரம்போல எழுதினால், மிரட்டிப் பணம் கேட்டதாக எதிர்ப்புகார் கிளம்ப நாமே வழிசெய்ததாகிவிடும். பெற்றோருக்கு நகல் என்பது இன்னும் ஆபத்து. இரண்டு பேருக்கு இடையில் இருக்கும் வரை அது கடிதம். மூன்றாம் ஆட்களுக்குப் போனால் அவதூறு வழக்குக்கு ஆதாரம்.

கணக்குக்கு வருவோம். நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். "இந்த 1,50,000-த்தில் எதையாவது கழித்துக்கொள்ளச் சொல்லி வாயால் ஒத்துக்கொண்டீர்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒரு அலமாரிக் கண்ணாடி இறக்கும்போது உடைந்தது, அதற்கு 6,000 கழித்துக்கொள்ளச் சொன்னேன் என்றார். "அது பெரிய தொகையா என்ன?" என்றும் கேட்டார். தொகை சிறியதுதான். ஆனால் பதில் நோட்டீஸில் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அந்த 6,000-ஆகத்தான் இருக்கும். "ஒத்துக்கொண்ட கழிவையே மறைத்தவர்" என்று ஒரு வரி எழுதிவிட்டால், மற்ற கணக்கும் ஆட்டம் காணும். ஆகவே கேட்கும் தொகை 1,44,000 என்று முடிவானது. ஒப்பந்தத்தில் வட்டி பற்றிப் பேச்சே இல்லை என்பதால் 24 சதவீதம் போயிற்று. அந்த இடத்தில் "சட்டப்படி உரிய வட்டியைக் கோரும் உரிமை என் கட்சிக்காரருக்கு உண்டு" என்று மட்டும் எழுதினேன். மன உளைச்சலும் போயிற்று. வணிக ஒப்பந்தத்தில் பாக்கி வராததற்கு அந்தத் தலைப்பில் பணம் கிடைப்பது அரிது. கிடைக்காத தொகையைச் சேர்த்தால் கிடைக்க வேண்டியதும் பேரம் பேசும் தொகை மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு கேள்வியும் கேட்டேன்: வேலையில் அவர்கள் ஏதாவது குறை சொன்னார்களா? இரண்டு அலமாரிக் கதவுகள் சரியாக மூடவில்லை என்று மார்ச் 9-ஆம் தேதி சொன்னார்களாம். மார்ச் 12 அன்று ஆள் போய்ச் சரிசெய்திருக்கிறார். 14-ஆம் தேதி மையத்தின் மேலாளர் "இப்போது நன்றாக இருக்கிறது" என்று செய்தி அனுப்பியிருக்கிறார். கட்சிக்காரர் இதை விட்டுவிடச் சொன்னார். நான் நோட்டீஸிலேயே சேர்த்தேன். குறையை நாமே சொல்லி, சரிசெய்த தேதியையும் அவர்களுடைய ஒப்புதலையும் பக்கத்திலேயே வைத்துவிட்டால், "வேலையே சரியில்லை" என்று பிறகு சொல்வது கஷ்டம். அதை அவர்கள் சொல்லி, நாம் மறுப்பாகச் சொன்னால் அதே தகவலின் எடை பாதியாகிவிடும்.

கடைசியில் நோட்டீஸின் உடல் இவ்வளவுதான்:

"ஜனவரி 10 தேதியிட்ட ஒப்பந்தப்படி, என் கட்சிக்காரர் மேசைகளையும் அலமாரிகளையும் மார்ச் 3 அன்று பொருத்தி முடித்தார். மார்ச் 9 அன்று தாங்கள் தெரிவித்த கதவுக் குறை மார்ச் 12 அன்று சரிசெய்யப்பட்டது. அதைத் தங்கள் மேலாளர் மார்ச் 14 தேதியிட்ட செய்தியில் உறுதிசெய்துள்ளார். ஒப்பந்தத் தொகையில் 4,50,000 பெறப்பட்டது. உடைந்த கண்ணாடிக்காக ஒப்புக்கொண்ட 6,000 கழித்து, ஏப்ரல் 2-க்குள் தந்திருக்க வேண்டிய 1,44,000 இன்றுவரை நிலுவையில் உள்ளது. இந்த அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் அத்தொகையைக் கீழ்க்கண்ட கணக்கில் செலுத்தக் கோருகிறேன். இதில் ஏதேனும் ஒரு பகுதியைத் தாங்கள் மறுப்பதாக இருந்தால், எந்தப் பகுதி, என்ன காரணம் என்பதை அதே காலத்துக்குள் எழுத்தில் தெரிவித்து, மறுப்பில்லாத பகுதியைச் செலுத்தவும். தவறினால், நிலுவையையும் உரிய வட்டியையும் வழக்குச் செலவையும் கோரி உரிமையியல் நீதிமன்றத்தை அணுகுமாறு என் கட்சிக்காரருக்கு ஆலோசனை கூற நேரிடும்."

நீதிமன்றம் பற்றி ஒரே ஒரு வாக்கியம், அதுவும் கடைசியில். அதை ஒவ்வொரு பத்தியிலும் சொன்னால் பலம் கூடாது. "இறுதி எச்சரிக்கை" என்று மூன்று முறை அனுப்பியவரின் நான்காவது கடிதத்தை யாரும் பிரிப்பதில்லை. செய்யத் தயாராக இருப்பதை மட்டும் எழுத வேண்டும்.

மறுப்பைக் கேட்கும் அந்த வாக்கியம்தான் இந்த நோட்டீஸின் உயிர். "என்ன காரணம் சொல்லப்போகிறாய் என்று நாமே அவர்களுக்கு இடம் கொடுக்கிறோமே" என்று கட்சிக்காரர் தயங்கினார். இடம் கொடுப்பதுதான் நோக்கம். திட்டி எழுதினால் ஒன்று மௌனம் வரும், அல்லது பதிலுக்குத் திட்டு வரும். இரண்டாலும் நமக்குப் பயனில்லை. காரணம் கேட்டால் அவர்கள் ஏதாவது ஒரு நிலையை எடுத்தே ஆக வேண்டும். ஒரு பகுதியை மறுக்கும்போது மற்றப் பகுதியை ஒப்புக்கொண்ட மாதிரி எழுதிவிடுவார்கள்.

அந்த ஒப்புதலுக்கு இன்னொரு பயனும் உண்டு. வழக்குப் போடுவதற்குக் காலவரம்பு இருக்கிறது. இப்படிப்பட்ட ஒப்பந்தப் பாக்கிக்குப் பொதுவாக இந்தியாவில் 3 ஆண்டு, இங்கிலாந்தில் 6 ஆண்டு. நோட்டீஸ் அனுப்புவதால் அந்தக் கடிகாரம் நிற்காது. பலர் நிற்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் காலவரம்பு முடியும் முன் கடன்பட்டவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டுத் தந்தால், இந்த இரு நாடுகளிலும் அந்த நாளிலிருந்து காலம் புதிதாக எண்ணப்படும். "இரண்டு மாதம் அவகாசம் தாருங்கள், பாக்கியைத் தந்துவிடுகிறோம்" என்ற பணிவான ஒரு பதில் எவ்வளவு விலையுள்ளது என்று இப்போது புரியும்.

கெடு எத்தனை நாள் என்பதற்குப் பொதுவான ஒரே விதி கிடையாது. இங்கிலாந்தில் வழக்குக்கு முந்தைய நடைமுறை வழிகாட்டுதல், எளிய விவகாரத்தில் பதில் தர 14 நாள், மிகச் சிக்கலானதில் 3 மாதம் வரை நியாயமான காலம் என்கிறது. மூன்று நாள் கெடு கண்டிப்பாகத் தெரியாது, அவசரமாகத்தான் தெரியும்.

சமரசம் பற்றி ஒரு எச்சரிக்கை. தவணையில் வாங்கிக்கொள்ளவும், கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் கட்சிக்காரர் தயார்தான். அதை இந்த நோட்டீஸில் எழுதக் கூடாது. தனிக் கடிதமாக, மேலே 'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்று குறித்து அனுப்ப வேண்டும். சமரசப் பேச்சில் சொன்னதை நீதிமன்றத்தில் எடுத்துக் காட்ட முடியாதபடி காப்பதற்குத்தான் அந்தக் குறிப்பு. இதைத் தெரியாமல் சிலர் கம்பீரமாக இருக்கிறதென்று கோரிக்கை நோட்டீஸின் தலையிலேயே அதைப் போட்டுவிடுகிறார்கள். நாளைக்கு நாமே ஆவணமாகக் காட்ட வேண்டிய கடிதத்துக்கு, "இதைப் பார்க்கக் கூடாது" என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்க நாமே வழி செய்து கொடுத்த மாதிரி ஆகும். நோட்டீஸின் கடைசியில் "மற்ற உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று எழுதுவது வேறு விஷயம், அதை எழுதலாம்.

அந்தப் பட்டறைக்காரருக்குப் பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. இரண்டு மேசைகளில் பாலிஷ் உரிந்ததாகச் சொல்லி 14,000-ஐ மறுத்திருந்தார்கள். மீதி 1,30,000-ஐ இரண்டு தவணையில் தருவதாகக் கையெழுத்துடன் எழுதியிருந்தார்கள். முதல் தவணை வந்துவிட்டது. பாலிஷ் பற்றிய பேச்சு இன்னும் நடக்கிறது. அதற்காக வழக்குப் போட வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

இந்த நிதானம் எல்லாச் சமயத்துக்கும் பொருந்தாது. காலவரம்பு முடிய இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றாலோ, எதிர்த்தரப்பு சொத்தை விற்றுக்கொண்டு கிளம்பப் பார்க்கிறது என்றாலோ, 15 நாள் காத்திருக்காமல் நேரே நீதிமன்றம் போவதே சரி. சட்டமே வடிவம் சொல்லும் நோட்டீஸ்களும் உண்டு. இந்தியாவில் காசோலை திரும்பி வந்தால், வங்கியிலிருந்து அந்தத் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் போக வேண்டும், 15 நாள் அவகாசம் தர வேண்டும், காசோலையில் உள்ள தொகையை அப்படியே கேட்க வேண்டும். அங்கே மொழி எவ்வளவு நயமாக இருந்தாலும், ஒரு நாள் தவறினால் அந்த நோட்டீஸ் நிற்காது.