‘சிவந்த நிறம்’ கேட்கும் விளம்பரத்துக்கு மறுப்புக் கடிதம் எழுதும் முன்

ஏற்காட்டு விடுதி ஒன்றின் வரவேற்பாளர் பணிக்கு, ‘சிவந்த நிறமுடைய பெண்கள் தேவை’ என்று ஒரு விளம்பரம் வந்திருந்தது. அதே வேலைக்கு விண்ணப்பிக்க இருந்த நாகலூர்ப் பெண் ஒருவர், அதை எதிர்த்து எழுதிய கடிதத்தை அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். சேலத்தில் தொழிலாளர் வழக்குகளை நடத்தும் எனக்கு இத்தகைய கடிதங்கள் புதியவை அல்ல. ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரே மிரட்டல் இருப்பதுதான் அலுப்பூட்டுகிறது: ‘அரசியலமைப்புச் சட்டத்தின் 15, 16ஆம் பிரிவுகளை மீறியதற்காக உங்கள் மீது வழக்குத் தொடர்வேன்.’

தயவுசெய்து அந்தப் பிரிவுகளை ஒருமுறை படியுங்கள். 15ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் ஆகியவற்றைச் சொல்கிறது; 16ஆம் பிரிவு அவற்றோடு வம்சாவளியையும் வசிப்பிடத்தையும் சேர்க்கிறது. தோல் நிறம் இரண்டிலும் இல்லை. அதைவிட முக்கியமாக, 16ஆம் பிரிவு பேசுவது அரசுப் பணியைப் பற்றி; தனியார் விடுதியின் ஆள்சேர்ப்பை அது கட்டுப்படுத்தாது. 1958ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை எண் 111, வேலையில் காட்டக்கூடாத பாகுபாடுகளில் நிறத்தையும் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது, இந்தியா 1960இல் அதை ஏற்புறுதி செய்தும் இருக்கிறது. ஆனாலும் உள்நாட்டில் அதற்கென ஒரு சட்டம் இயற்றப்படாதவரை, அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு முதலாளியை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. விளம்பரம் அரசு நிறுவனத்துடையது என்றால் கதை வேறு: சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் 14ஆம் பிரிவைக் கொண்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.

ஆகவே அந்த மிரட்டலை அடித்துவிட்டேன். விடுதிக்கு ஒரு வக்கீல் இருப்பார். அந்த ஒரு வரியைக் காட்டியே முழுக் கடிதத்தையும் குப்பையில் போடச் சொல்லிவிடுவார். அந்த இடத்தில் விளம்பர வாசகத்தை வெளியான தேதியோடு அப்படியே எழுதச் சொல்லி, கீழே இப்படிச் சேர்த்தோம்: ‘வருகைப் பதிவேட்டை எழுதுவது, அறை ஒதுக்குவது, ரசீது போடுவது ஆகிய பணிகளுள் எதற்கு நிறம் தேவைப்படுகிறது என்று தெரிவிக்க வேண்டுகிறேன். அந்த நிபந்தனையை நீக்கி, உணவக மேலாண்மைப் பட்டயம் பெற்றுள்ள என் விண்ணப்பத்தையும் பரிசீலிக்கக் கோருகிறேன்.’ பதில் எழுதப் புகுந்தால் எந்த முதலாளியும் தடுமாறக்கூடிய கேள்வி இது. கோபம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது; வசைச் சொல் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

கடிதம் மேலாளருக்கு அல்ல, உரிமையாளர் பெயருக்கே போகட்டும். பல இடங்களில் அந்த வாசகத்தை எழுதியவரே மேலாளராக இருப்பார். தபால் ரசீதையும் விளம்பரத்தின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். பதில் வருவதற்கு முன்பே விடுதியின் பெயரைப் போட்டு, ‘இங்கே பெண்களை வேறு எதற்கோ எடுக்கிறார்கள்’ என்று வாட்ஸ்அப் குழுக்களில் எழுதிவிடாதீர்கள்: நிறம் கேட்டதற்கு அவர்கள் மீது வழக்கு நிற்காவிட்டாலும், ஆதாரமில்லாத அந்த ஒரு வரிக்காக உங்கள் மீது அவதூறு வழக்கு நிற்கும். கடிதத்துக்கு வரும் பதிலில் முழு உருவப் புகைப்படத்தைக் கேட்டால் அனுப்பாதீர்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.