‘கன்னி கழியும் விருந்து’ அன்று, ‘தோழியர் உலா’

மொரீசியசில் திருமணத்துக்குச் சில வாரங்கள் முன்பு மணமகளைத் தோழிகள் வெளியே அழைத்துச் செல்லும் வழக்கம் நம் தமிழ்க் குடும்பங்களிலும் வேரூன்றிவிட்டது. அதற்கான அழைப்பைத் தமிழிலும் எழுத இளையோர் விரும்புவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அதற்குக் ‘கன்னி வாழ்வின் அடக்கம்’ என்றும், அதைவிடக் கொடுமையாகக் ‘கன்னி கழியும் விருந்து’ என்றும் தலைப்பிடுவதை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது.

முதல் தலைப்பு பிரெஞ்சிலிருந்து வந்தது. ‘ஆந்தெர்மான்’ என்றால் புதைத்தல். இளம்பெண் வாழ்வைப் புதைத்தல் என்பது அந்த மொழியில் ஒரு விளையாட்டுப் பேச்சு. இதே கொண்டாட்டத்தின் ஆங்கிலப் பெயரில் உள்ள ‘பேச்சிலர்’ இளம் வீரனைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்து, பின்னர் மணமாகாதவனைக் குறித்தது. அதற்குப் பெண்பால் விகுதி சேர்த்துப் ‘பேச்சிலரெட்’ ஆக்கியவர்கள் அமெரிக்கர்கள்.

தமிழில் ‘அடக்கம்’ சாவு வீட்டுச் சொல். விளக்கை அணை என்னாமல் ‘குளிர வை’ என்றும், தாலி அறுந்தது என்னாமல் ‘பெருகிற்று’ என்றும் சொல்லிப் பழகிய வீட்டில், கல்யாணச் செய்தியின் தலையில் அடக்கத்தை எழுதினால் பாட்டிமார் முகம் சுளிப்பது மூடநம்பிக்கை ஆகாது. நன்னூல் ‘மங்கலம்’ என்று பெயரிட்டுச் சொன்ன தகுதி வழக்கு அதுதான். இரண்டாம் தலைப்பு, பலர் முன் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்லும்படி அதே நூல் கூறும் ‘இடக்கரடக்கல்’ என்பதை மீறுகிறது. ‘கன்னி கழிதல்’ வழக்கில் முதல் உடலுறவைக் குறிக்கும். அகராதியில் ‘கழிதல்’ என்பதற்கு ‘கடந்து போதல்’ என்ற பொருளைக் கண்டு, பக்கத்தில் ‘கன்னி’யை ஒட்டவைத்த மொழிபெயர்ப்பாளர், இரு சொற்களும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை வீட்டில் ஒரு பெரியவரிடம் கேட்டிருக்கலாம். அந்த அழைப்பைப் பெறுகிற கூச்சமுள்ள பெண், போவதா வேண்டாமா என்று எண்ணும் முன்பே, அதை அம்மாவிடம் எப்படிக் காட்டுவது என்று திகைப்பாள். ஆண்களுக்கென்று சிலர் எழுதும் ‘பிரமச்சாரி விருந்து’ம் பொருந்தாது, மாணவப் பருவத்தின் நோன்பைக் குறிக்கும் சொல்லை மதுக்கிண்ணப் படத்துக்குக் கீழே அச்சிடுவது அந்தச் சொல்லுக்கே அவமதிப்பு.

இந்தப் பெயர்கள் அனைத்தும் மணமாகாத நிலையையே பிடித்துக்கொண்டு நிற்கின்றன. மறுமணம் செய்யும் பெண்ணுக்கு அவை புண்படுத்தும் சொற்களும் ஆகும். தமிழ் மரபு கூடுகிறவர்களைக் கொண்டு பெயரிடுகிறது: சங்க அகப்பாடல்களில் தலைவியோடு புனலாடும் பெண்கள் கூட்டத்துக்கு ‘ஆயம்’ என்று பெயர், அவளுக்கு நெருங்கியவள் ‘தோழி’. ஆயம் இன்று பலருக்கும் விளங்காது, தோழி விளங்கும். ஆகவே ‘தோழியர் உலா’, ‘தோழர் உலா’, இருபாலரும் சேர்ந்தால் ‘நட்பு உலா’ என்பனவே தக்கவை. உலா என்பது மன்னன் பவனி வரும் சிற்றிலக்கியம் அல்லவா என்று கேட்பவர்கள், சுற்றுலா என்று நாள்தோறும் சொல்கிறவர்களே.

தலைப்பு சரியானாலும் உள்ளே ‘அனைவரும் கட்டாயம் வரவேண்டும், சாக்குப்போக்கு கூடாது’ என்று எழுதினால் பயனில்லை. ‘கூச்ச சுபாவம் உள்ளவர்களும் வரலாம்’ என்பது இன்னும் மோசம். அது அவர்களை விரல் நீட்டிக் காட்டுகிறது. எவரையும் சுட்டாமல், என்ன நடக்கும் என்பதைத் தெளிவாகச் சொன்னால் போதும். நான் இப்படி எழுதுவேன்:

“மணமகளின் தோழியர் உலாவுக்கு உங்களை அன்புடன் அழைக்கிறோம். சனிக்கிழமை காலை 9 மணிக்கு த்ரூ தோ தூஸில் படகேறி இல் ஓ சேர் தீவுக்குச் சென்று, மாலை 4 மணிக்குத் திரும்புவோம். கடலில் இறங்குவதும் கரை நிழலில் அமர்வதும் அவரவர் விருப்பம். மதிய உணவில் சைவமும் உண்டு. 7 மணிக்கு ரோஸ் ஹில்லில் நடைபெறும் இரவு உணவுக்கு மட்டும் வந்தாலும் மகிழ்வோம். படங்களை உரியவரைக் கேட்ட பிறகே பகிர்வோம். உங்கள் வசதியை என்னிடம் தனியே தெரிவியுங்கள்.”

இதில் ‘இரவு உணவுக்கு மட்டும்’ என்ற தொடர் முக்கியமானது. நீச்சலுடை அணியத் தயங்குபவளும், படகுச் செலவு தாங்காதவளும், காரணம் சொல்லாமலே மாலைப் பகுதியைத் தேர்ந்துகொள்ளலாம். ‘தனியே’ என்ற சொல்லையும் நீக்கக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் பத்துப் பேர் ‘வருகிறேன்’ என்று எழுதிய பிறகு பதினோராமவள் ‘இயலாது’ என்று எழுத மாட்டாள், எழுதாமலே இருந்துவிடுவாள். மது உண்டென்றால் அதையும் மறைக்காமல், ‘மது அருந்துவோர் தம் செலவில் பெற்றுக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். தைப்பூசக் காவடிக்கு நோன்பிருக்கும் நாள்களில் உலாவை வைத்துவிட்டு, சைவம் உண்டு என்று எழுதுவது மட்டும் ஈடாகாது. நாளையே மாற்ற வேண்டும்.