வைவாவுக்கு முன் உங்கள் ஆய்வின் ஓட்டையை நீங்களே அளந்து பாருங்கள்

ஆய்வேடு கைக்கு வந்ததும் நான் முதலில் புரட்டுவது ஆய்வின் வரம்புகளைச் சொல்லும் ‘பத்தாசான் காஜியான்’ பகுதியைத்தான். அதில் பாதிப் பேர் எழுதியிருப்பது அதே மூன்று வரி: நேரம் போதவில்லை, மாதிரி சிறியது, ஒரே பள்ளியில் செய்தது. இதை எழுதிவைத்துவிட்டால் அந்தப் பக்கம் கேள்வி வராது என்று ஒரு நம்பிக்கை. ஆனால் தேர்வாளருக்கு அந்த வரிகளால் ஒரு பயனும் இல்லை. குறை இருப்பது அவருக்கே தெரியும். அந்தக் குறை உங்கள் முடிவை எந்தப் பக்கம் இழுத்திருக்கும், எவ்வளவு இழுத்திருக்கும் என்பதைத்தான் அவர் கேட்கப்போகிறார்.

சுங்கை சிப்புட்டில் என் வீட்டுக்கு வார இறுதியில் ஆசிரியர்கள் சிலர் மாதிரி வைவாவுக்கு வருவார்கள். பெரும்பாலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்து, இங்கேயே தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டு, பகுதி நேரமாக மாஸ்டர்ஸ் செய்பவர்கள். அவர்களில் ஒரு டீச்சரின் ஆய்வை எடுத்துக்கொள்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

மூன்றாம் ஆண்டில் 90 பிள்ளைகள். ஒரு நிமிடத்தில் எத்தனை சொல்லைப் பிழையின்றி வாசிக்கிறார்கள் என்று எல்லாருக்கும் சோதனை வைத்தார். சராசரி 60 சொல். ஆக மெதுவாக வாசித்த 30 பேரைத் தேர்ந்தெடுத்தார். அவர்களின் சராசரி 40. அவர்களுக்கு 12 வாரம் கதை வாசிப்புப் பயிற்சி கொடுத்து மறுபடி சோதித்தபோது 52. பன்னிரண்டு சொல் கூடியிருந்தது. டி சோதனையிலும் வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது. ‘பயிற்சி வாசிப்பு வேகத்தை உயர்த்தியது’ என்று ஐந்தாம் அத்தியாயத்தில் முடித்திருந்தார். ஒப்பீட்டுக் குழு கிடையாது.

“இதில் உங்களுக்கே பயமாக இருக்கிற இடம் எது, டீச்சர்?” என்று கேட்டேன்.

“சோதனையையும் நானேதான் வைத்தேன், சார். அதைப் பிடித்துக்கொள்வார்களோ என்று இருக்கிறது.”

பிடிப்பார்கள்தான். ஆனால் அது இப்போதும் சரிசெய்யக்கூடிய குறை. பிள்ளைகள் வாசித்ததையெல்லாம் அவர் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்தார். அதில் இருபது பதிவுகளைக் கலைத்து, எது முன்சோதனை எது பின்சோதனை என்று சொல்லாமல் இன்னொரு ஆசிரியரிடம் கொடுத்துத் திரும்ப எண்ணச் சொன்னால் போதும். இரண்டு பேர் எண்ணிக்கையும் ஒத்துப்போனால், மதிப்பெண் போட்டதில் சாய்வு இல்லை என்று கையில் ஆதாரத்தோடு சொல்லலாம். வாசிக்கும்போது அவர் பிள்ளையை ஊக்கப்படுத்தியிருக்கலாமே என்ற சந்தேகம் இதனால் போகாது. அதைப் பதிவைக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. கடைசி 30 பேரைத் தேர்ந்தெடுத்ததே அந்த ஓட்டை.

பயிற்சி தொடங்குவதற்கு முன்பே, சோதனை நம்பகமானதா என்று பார்க்க, ஒரு வகுப்புக்கு மட்டும் ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை சோதனை வைத்திருந்தார். பின்னிணைப்பில் அந்தப் பட்டியல் இருந்தது. அதில் ஒரு பையன் முதல் முறை 31 சொல், அடுத்த வாரம் 44. என்னவென்று விசாரித்தால், முதல் சோதனைக்கு முந்தின இரவு கோயில் திருவிழாவில் விடிய விடிய விழித்திருந்திருக்கிறான். எந்தப் பாடமும் நடத்தாமலேயே அவனுக்குப் பதின்மூன்று சொல் கூடிவிட்டது. ஆகக் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் பொறுக்கி எடுக்கும்போது, இப்படி அன்றைக்கு மட்டும் சறுக்கியவர்களும் சேர்ந்தே வந்துவிடுகிறார்கள். அடுத்த சோதனையில் அவர்கள் தாமாகவே மேலே வருவார்கள். சராசரியை நோக்கிய பின்னடைவு என்று புள்ளியியலில் சொல்வது இதைத்தான்.

எவ்வளவு என்று கணக்குப் போடலாம். அந்த இரண்டு சோதனைகளுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.85. ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் 0.15. சராசரியிலிருந்து உள்ள இடைவெளியில் இந்தப் பங்குதான் தானாகவே குறையும். 90 பிள்ளைகளின் சராசரி 60, தேர்ந்தெடுத்த குழுவின் சராசரி 40, இடைவெளி 20. இருபதை 0.15ஆல் பெருக்கினால் 3. ஆக, கூடிய பன்னிரண்டில் சுமார் மூன்று சொல் பயிற்சி இல்லாமலேயே வந்திருக்கும்.

அப்புறம், மூன்று மாதத்தில் பிள்ளைகள் சும்மாவே வளர்வார்கள் அல்லவா? பயிற்சியில் சேராத 60 பேரையும் பள்ளி இறுதியில் சோதித்திருந்தது. ஆய்வின் தலைப்புக்குள் வரவில்லை என்று டீச்சர் அந்தத் தாள்களைக் கோப்பிலேயே விட்டிருந்தார். என்னைக் கேட்டால், அந்த ஆய்விலேயே பெறுமதியான தாள்கள் அவைதான். அவர்கள் 70இலிருந்து 74க்குப் போயிருந்தார்கள். இவர்கள் சராசரிக்கு மேலே இருந்தவர்கள் என்பதால் பின்னடைவு இவர்களைக் கீழே இழுக்கும்: இடைவெளி பத்து, அதில் 0.15 பங்கு, ஒன்றரைச் சொல். அந்த இழுப்பையும் மீறி நான்கு கூடியிருக்கிறது என்றால் இயல்பான வளர்ச்சி ஐந்தரை.

பன்னிரண்டில் மூன்றும் ஐந்தரையும் போனால் மிச்சம் மூன்றரை.

டீச்சர் முகம் வாடிவிட்டது. “அப்போ என் பயிற்சி வேலை செய்யவில்லையா, சார்?”

அப்படிச் சொல்ல முடியாது. மெதுவாக வாசிக்கும் பிள்ளைகள் மற்றவர்களைவிட மெதுவாகவே வளர்வார்கள் என்று எடுத்துக்கொண்டால் ஐந்தரை என்பது அதிகம், மிச்சம் இன்னும் கூடும். இன்னொரு பக்கம், 0.85 என்பது ஒரு வார இடைவெளியில் கிடைத்த எண். 12 வார இடைவெளியில் ஒட்டுறவு இன்னும் குறைந்திருக்கலாம், அப்போது பின்னடைவு மூன்றுக்கு மேல் போகும், மிச்சம் குறையும். முப்பது பிள்ளைகளை வைத்து வந்த மூன்றரையே கொஞ்சம் ஆடக்கூடிய எண்தான். அதைப் பிடிவாதமாகக் காப்பாற்றப் போக வேண்டாம். எந்த ஊகம் அதைக் கூட்டும், எது குறைக்கும் என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

ஒப்பீட்டுக் குழு இல்லாமல் இந்த உயர்வை எப்படி நம்புவது என்ற கேள்விக்குப் பலர் வைத்திருக்கும் பதில், “ஒப்பீட்டுக் குழு வைக்கப் பள்ளியில் அனுமதி கிடைக்கவில்லை.” அது ஏன் நடந்தது என்பதற்கான காரணம், முடிவை நம்பலாமா என்பதற்குப் பதில் இல்லை. வெளித்தேர்வாளர் அடுத்த கேள்வியில் திரும்ப அங்கேயேதான் வந்து நிற்பார். நானும் டீச்சரும் தயார் செய்த பதில் ஏறக்குறைய இப்படி: “ஆமாம், குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களையே தேர்ந்தெடுத்ததால் உயர்வு மிகையாகத் தெரிகிறது. பன்னிரண்டில் சுமார் எட்டரைச் சொல் பின்னடைவாலும் இயல்பான வளர்ச்சியாலும் வந்திருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறேன். மிச்சம் பயிற்சியோடு தொடர்புடையதாக இருக்கலாம். பயிற்சிதான் காரணம் என்று இந்த வடிவமைப்பால் நிறுவ முடியாது.” வைவா மலாயில் நடக்கும் என்பதால் இதை மலாயிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகச் சொன்னேன். தமிழில் யோசித்து வைத்திருப்பவர்கள் ‘தொடர்புடையது’ என்ற இடத்தில் அவசரத்தில் விளைவு என்று பொருள்படும் ‘கெசான்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்தே பத்து நிமிடம் ஓடிவிடும்.

கொடுத்துவிட்ட ஆய்வேட்டில் கை வைக்க முடியாது. இந்தக் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். வைவா அறையில் வைத்துத்தான் அவர் இதை முதன்முதலாகக் கேட்டார் என்று இருக்கக் கூடாது. ஐந்தாம் அத்தியாயத்தில் எந்தெந்த வாக்கியத்தை எப்படி மாற்றுவீர்கள் என்றும் பக்க எண்ணோடு குறித்துக் கொண்டுபோங்கள். “திருத்தத்தில் என்ன செய்வீர்கள்?” என்று தலைவர் கேட்கும்போது அந்தத் தாளைப் பார்த்துப் படித்தால் போதும்.