அழுத்தமும் முறுக்கும் சேரும் குழாய்: மறந்துவிடும் மூன்றாவது தகைவு

இரு முனைகளும் மூடப்பட்ட ஒரு மெல்லிய எஃகுக் குழாய்க்குள் எண்ணெயை அழுத்தி நிரப்பிவிட்டு, அதே குழாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் திருகினால், குழாயின் சுவர் எந்த இடத்தில், எந்தத் திசையில் அதிகமாக இழுபடும், எப்போது நிலையாக உருமாறத் தொடங்கும் என்பதே நம் கேள்வி. கணக்கு நீளமானதன்று. ஆயினும் விடைத்தாள்களில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று இதில் இருக்கிறது. அது பாதுகாப்பு இல்லாத இடத்தில் பாதுகாப்பு இருப்பதாகக் காட்டிவிடும் தவறு.

எண்களோடு தொடங்குவோம். குழாயின் சராசரி ஆரம் r = 50 மி.மீ., சுவரின் தடிமன் t = 2.5 மி.மீ., உள் அழுத்தம் p = 6 மெகாபாஸ்கல், திருகும் முறுக்குவிசை T = 1571 நியூட்டன் மீட்டர் என்று கொள்வோம். ஆரம் தடிமனைப் போல 20 மடங்கு இருப்பதால், தகைவு சுவரின் தடிமன் முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் பரவியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த விகிதம் 10-க்குக் கீழே போனால் அந்த எடுகோளை நம்பக்கூடாது. தடித்த சுவருக்கான கணக்கைத்தான் நாட வேண்டும்.

குழாயை நீளவாக்கில் இரண்டு பாதியாக வெட்டியதாக நினைத்துப் பாருங்கள். உள்ளிருக்கும் அழுத்தம் இரண்டு பாதிகளையும் பிரிக்கப் பார்க்கிறது. வெட்டின் இரு பக்கங்களிலும் உள்ள உலோகம் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. இந்தச் சமநிலையிலிருந்து சுற்றுவாக்கில் எழும் வளையத் தகைவு pr/t, அதாவது 120 மெகாபாஸ்கல் என்று கிடைக்கிறது. இனி குழாயைக் குறுக்கே வெட்டினால், மூடிகளின் மேல் விழும் அழுத்தத்தைச் சுற்றளவு முழுவதும் உள்ள உலோகம் பகிர்ந்துகொள்கிறது. அதனால் நெடுக்குத் தகைவு pr/2t, அதாவது 60 மெகாபாஸ்கல்தான். முறுக்கினால் எழும் சறுக்குத் தகைவு T/(2πr²t). நம் குழாய்க்கு அது 40 மெகாபாஸ்கல்.

குழாயின் மேற்பரப்பில் சாக்பீஸால் ஒரு சிறு சதுரம் வரைந்து, அதன் ஒரு பக்கம் குழாயின் நீளத்தோடும் மற்றொன்று சுற்றுவாக்கோடும் பொருந்துமாறு வைத்தால், அந்தச் சதுரத்தின் ஒரு திசையில் 120, இன்னொரு திசையில் 60 என இழுவையும், விளிம்புகளின் வழியே 40 என்ற சறுக்கும் இருக்கும். இதே சதுரத்தைச் சற்றுத் திருப்பி வரைந்தால் இந்த மூன்று எண்களும் மாறும். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சறுக்கு முழுவதும் மறைந்து, வெறும் இழுவை மட்டும் எஞ்சும். அப்போது எஞ்சுபவையே முதன்மைத் தகைவுகள்.

அவற்றைக் காண மோரின் வட்டம் போதும். இரண்டு இழுவைகளின் சராசரி 90. அது வட்டத்தின் மையம். அவற்றின் வேறுபாட்டில் பாதி 30; சறுக்கு 40; ஆகவே வட்டத்தின் ஆரம் √(30² + 40²) = 50. முதன்மைத் தகைவுகள் 90 + 50 = 140, 90 − 50 = 40. பெரியது செயல்படும் திசை, சுற்றுவாக்கிலிருந்து ஏறத்தாழ 26.6 பாகை சாய்ந்திருக்கிறது. அழுத்தம் இல்லாமல் முறுக்கு மட்டும் இருந்தால் இந்தச் சாய்வு 45 பாகை ஆகும். ஒரு சாக்பீஸை இரு கைகளாலும் பிடித்து மெதுவாகத் திருகி முறித்துப் பார்த்தால், முறிந்த முகம் அந்தச் சாய்வில் திருகுசுருளாக வளைந்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

தவறு நுழையும் இடம் இதுதான். வட்டத்தின் ஆரம் 50 என்பதால் அதிகபட்சச் சறுக்குத் தகைவும் 50 என்று எழுதிவிட்டு, நிலையாக உருமாறத் தொடங்கும் அளவான விளைவுத் தகைவு 250 மெகாபாஸ்கல் உள்ள எஃகுக்கு 250/(2 × 50) = 2.5 என்று பாதுகாப்புக் காரணியைச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் சுவருக்குத் தடிமன்வாக்கில் ஒரு மூன்றாவது திசை உண்டு. வெளிப்பரப்பில் அந்தத் திசையில் தகைவு பூச்சியம்; பூச்சியமும் ஒரு முதன்மைத் தகைவே. 140, 40, 0 என்ற மூன்றில் மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வேறுபாடு 140. ஆகவே உண்மையான அதிகபட்சச் சறுக்கு 70. அது சுவரின் பரப்புக்குள் அன்று, தடிமனைக் குறுக்காகச் சாய்த்து வெட்டும் தளத்தில் இருக்கிறது. உட்பரப்பில் அழுத்தமே நேராகத் தள்ளுவதால் மூன்றாவது தகைவு −6 ஆகி, வேறுபாடு 146 வரை போகும்.

திரெஸ்கா 1864-இல் முன்வைத்த விதி, இந்த வேறுபாடு விளைவுத் தகைவை எட்டும்போது உலோகம் உருமாறத் தொடங்கும் என்கிறது. வெளிப்பரப்பில் அதன்படி காரணி 250/140, அதாவது 1.79. வான் மீசஸ் 1913-இல் தந்த விதி மூன்று முதன்மைத் தகைவுகளையும் கணக்கில் எடுக்கிறது; இங்கே சமானத் தகைவு √(140² − 140 × 40 + 40²) = 124.9, காரணி 2.0. இரண்டில் எது உண்மைக்கு நெருக்கம் என்பதைச் சோதிக்க டெய்லரும் குயின்னியும் 1931-இல் உலோகக் குழாய்களை ஒரே நேரத்தில் இழுத்தும் முறுக்கியும் பார்த்தார்கள். அளவீடுகள் மீசஸின் வளைகோட்டுக்கே அருகில் விழுந்தன. இருந்தாலும் திரெஸ்கா ஒருபோதும் மீசஸைவிடக் கூடுதலாக அனுமதிப்பதில்லை என்பதால், ஐயம் இருக்கும் இடத்தில் நான் அதையே எடுத்துக்கொள்வேன்.

1.79 என்ற எண் அழுத்தமும் முறுக்கும் ஒரே விகிதத்தில் சேர்ந்து கூடும்போதுதான் பொருந்தும். முறுக்கை அப்படியே வைத்து அழுத்தத்தை மட்டும் கூட்டினால், திரெஸ்கா விதிப்படி ஏறத்தாழ 11.9 மெகாபாஸ்கலில், அதாவது இரண்டு மடங்குக்குச் சற்று முன்பே, குழாய் எல்லையைத் தொடும். அழுத்தத்தை அப்படியே வைத்து முறுக்கை மட்டும் கூட்டினால் 4765 நியூட்டன் மீட்டர் வரை, அதாவது மூன்று மடங்கு வரை தாங்கும். அதற்கு முன்பே மெல்லிய சுவர் அலையலையாக மடங்கிவிடக்கூடும்; அதற்குத் தனிக் கணக்கு வேண்டும், இந்த விதிகள் அதைக் காட்டமாட்டா.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூடிகள் குழாயோடு பற்றவைக்கப்படாமல், வெளியே உள்ள ஒரு சட்டம் அவற்றைத் தாங்கினால், குழாயில் நெடுக்குத் தகைவே இராது. ஒரு சுமை குறைந்துவிட்டது, ஆகவே பாதுகாப்பு கூடியிருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள்: 120, 0, சறுக்கு 40 என்றால் மையம் 60, ஆரம் 72.1, முதன்மைத் தகைவுகள் 132.1, −12.1. அவற்றின் வேறுபாடு 144.2, இது முன்பிருந்த 140-ஐவிட அதிகம். மீசஸ் சமானத் தகைவும் 124.9-லிருந்து 138.6-க்கு ஏறிவிடுகிறது. சுற்றுவாக்கில் இழுபடும் உலோகத்தை நீளவாக்கிலும் இழுக்கும்போது அதன் உருவம் மாறுவது கடினமாகிறது. அந்த இரண்டாவது இழுவை நீங்கியதும் உலோகம் எளிதாகச் சறுக்குகிறது. ஆகவே pr/2t என்று எழுதுவதற்கு முன், மூடியைப் பிடித்திருப்பது குழாயின் சுவரா, வெளிச்சட்டமா என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.