‘ஹானர்ஸ்’ என்பது மதிப்பெண் அல்ல: பட்டச் சான்றிதழை மொழிபெயர்க்கத் தருவோர் கவனத்திற்கு

கைபேசியில் எடுத்த பட்டச் சான்றிதழின் படம் ஒன்றும், ‘விண்ணப்பம் நாளையோடு முடிகிறது, ஜெர்மன் மொழியில் வேண்டும், கொஞ்சம் எடுப்பாகச் செய்து தாருங்கள்’ என்ற ஒரு வரியும் சேர்ந்து வருவது எனக்குப் புதிதல்ல. ஜெர்மனியில் நீதிமன்றத்தின் முன் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்களாகிய எங்களுக்கு அந்த ‘எடுப்பாக’ என்ற சொல்லைக் கண்டாலே எரிச்சல் வந்துவிடும். அண்மையில் என் மேசைக்கு வந்த ஒரு விவகாரம் அந்த எரிச்சலை எழுத்தாக்க வைத்திருக்கிறது. உரியவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணினி விஞ்ஞானம் படித்த இளைஞர் ஒருவர் ஜெர்மன் நிறுவனமொன்றின் மென்பொருள் பணிக்கு விண்ணப்பித்தார். அவருடைய ஆங்கிலச் சான்றிதழில் ‘பச்சலர் ஆஃப் சயன்ஸ் ஹானர்ஸ்’ என்றும், அதன் கீழே ‘செகண்ட் கிளாஸ், அப்பர் டிவிஷன்’, அதாவது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு என்றும் இருந்தது. ஜெர்மன் தெரிந்த உறவினர் ஒருவர் உதவும் நல்லெண்ணத்துடன் அதை மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார். அதில் ‘ஹானர்ஸ்’ என்பது ‘தனிச்சிறப்புடன் தேறினார்’ என்று ஆகியிருந்தது. இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, ‘பெரும் பாராட்டுடன்’ என்று பொருள்படும் ‘மாக்னா கும் லௌதே’ என்ற இலத்தீன் தொடராக உயர்ந்திருந்தது. துணைவேந்தர் ஜெர்மன் கூட்டாட்சி அரசின் துணைச் சான்சலருக்குரிய சொல்லைப் பெற்றிருந்தார். பதிவாளரோ பிறப்பு, திருமணம் பதியும் அலுவலராகியிருந்தார். நேர்காணல் நன்றாக முடிந்த பிறகு, மனிதவளப் பிரிவினர் உறுதிமொழி மொழிபெயர்ப்பாளரின் முத்திரையுடன் கூடிய பிரதியைக் கேட்டார்கள். நான் செய்த மொழிபெயர்ப்பில் தனிச்சிறப்பும் இல்லை, இலத்தீனும் இல்லை. ஒரே சான்றிதழுக்கு இரண்டு விதமான பெறுபேறு இருப்பதற்கு விளக்கம் தருமாறு அவருக்குக் கடிதம் வந்தது. நல்ல பட்டம் பெற்ற அந்தத் தம்பி, தாம் செய்யாத மோசடிக்குப் பதில் எழுத வேண்டியதாயிற்று.

மற்றவற்றை விட்டுவிட்டு முதலில் ‘ஹானர்ஸ்’ என்ற சொல்லுக்கு வருகிறேன், ஏனெனில் படித்தவர்களே திரும்பத் திரும்பத் தவறாக விளங்கிக்கொள்ளும் இடம் இதுதான். ஹானர்ஸ் என்பது ஒருவர் எவ்வளவு மதிப்பெண் வாங்கினார் என்பதைச் சொல்வதில்லை. அவர் எந்த வகையான பட்டப்படிப்பைப் படித்தார் என்பதையே சொல்கிறது. இலங்கையின் தகைமைக் கட்டமைப்பின்படி சாதாரண இளமாணிப் பட்டம் ஐந்தாம் மட்டத்தில் உள்ளது, அதற்கு மூன்று ஆண்டுகளும் 90 கிரெடிட்டும் வேண்டும். ஹானர்ஸ் பட்டம் ஆறாம் மட்டத்தில் உள்ளது, அதற்கு நான்கு ஆண்டுகளும் 120 கிரெடிட்டும் வேண்டும். நம்மவர்கள் நெடுங்காலமாகச் ‘சிறப்புப் பட்டம்’ என்று சொல்லிவருவது இதைத்தான், அந்தச் ‘சிறப்பு’ என்ற சொல்தான் பலரைத் தவறான பக்கம் இழுத்துச் செல்கிறது என்றும் எனக்குத் தோன்றுகிறது. ஹானர்ஸ் பட்டத்தை எந்த வகுப்பும் இல்லாமல் வெறும் சித்தியுடன் முடித்தவரும் ஹானர்ஸ் பட்டதாரியே. அவருடைய சான்றிதழில் ‘தனிச்சிறப்புடன்’ என்று எழுதுவது பொய். மறுபுறம், சொல்லின் பொருள் விளங்காமல் அதை விட்டுவிட்டு ‘விஞ்ஞான இளமாணி’ என்று மட்டும் எழுதினால், நான்கு ஆண்டு படித்தவர் மூன்று ஆண்டு படித்தவராகக் கருதப்படும் ஆபத்து இருக்கிறது. ஆக, மிகையாக மொழிபெயர்த்தாலும் நட்டம், குறைத்தாலும் நட்டம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கிலாந்தில் ஹானர்ஸ் பட்டம் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளிலேயே முடிகிறது. ஸ்கொட்லாந்தில் அதற்கு நான்கு ஆண்டுகள் ஆகும். ஆகவே அந்தச் சொல்லைக் கண்டதும் நான்காண்டுப் படிப்பு என்று மொழிபெயர்ப்பாளர் தாமாகவே எழுதிவிடவும் முடியாது. நாங்கள் செய்வது எளிது: சான்றிதழில் உள்ள சொல்லை உள்ளபடியே வைத்து, அதன் பொதுப் பொருளை மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகத் தனியே தருகிறோம். எத்தனை ஆண்டு, எத்தனை கிரெடிட் என்பதைப் பல்கலைக்கழகம் தரும் பாடவாரியான பெறுபேற்றுப் பட்டியல் சொல்லும். அதனால்தான் சான்றிதழை மட்டும் அனுப்பாமல் அந்தப் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

வகுப்பைப் பற்றிய குழப்பமும் இதன் தம்பிதான். இங்கிலாந்தில் பொதுவாக 70 சதவீதத்தில் தொடங்கும் ‘முதல் வகுப்பு’, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 60 சதவீதத்திலேயே கிடைத்துவிடுகிறது. அதே 60 சதவீதம் இங்கிலாந்தில் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. சொல் ஒன்றாக இருந்தும் அளவு வேறாக இருக்கும்போது, அதை மூன்றாவது நாட்டின் அளவுக்கு மாற்றி எழுத மொழிபெயர்ப்பாளருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? மதிப்பெண்ணை மாற்றிக் கணிப்பது பெறுகிறவரின் வேலை. ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் அதற்கு ‘திருத்திய பவேரியச் சூத்திரம்’ என்ற ஒன்றைப் பயன்படுத்துகின்றன. உச்சப் புள்ளியிலிருந்து நீங்கள் பெற்றதைக் கழித்து, அதை உச்சப் புள்ளிக்கும் சித்திக்கான குறைந்தபட்சப் புள்ளிக்கும் இடையிலான வேறுபாட்டால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். நம் இளைஞரின் சராசரிப் புள்ளி 3.42, உச்சம் 4.00, சித்திக்கு 2.00 என்று கொண்டால் விடை 1.87 என்று வருகிறது. ஜெர்மன் அளவுகோலில் 1.0 தான் மிகச் சிறந்தது, 4.0 கடைசிச் சித்தி, 1.87 ‘நன்று’ என்ற தரத்தில் விழுகிறது. நல்ல வேலைக்குத் தாராளமாகப் போதுமான அந்த மதிப்பெண்ணை மறைத்து, இல்லாத ஒன்றை உறவினர் எழுதிக் கொடுத்ததுதான் வேடிக்கை.

‘மாக்னா கும் லௌதே’யின் கதை இன்னும் மோசம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்த இலத்தீன் தொடர்கள் இளமாணிப் பட்டத்திலேயே வரும். ஜெர்மனியிலோ ‘சும்மா கும் லௌதே’, ‘மாக்னா கும் லௌதே’, ‘கும் லௌதே’, ‘ரீத்தே’ என்பவை வழக்கமாக முனைவர் பட்டத்துக்குரிய தரங்கள். இளமாணிச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் அதைப் பார்க்கும் ஜெர்மன் அலுவலருக்கு முதலில் தோன்றுவது வியப்பல்ல, சந்தேகம். மூலத்தில் இல்லாத இலத்தீனை மொழிபெயர்ப்பாளர் சேர்க்கக் கூடாது. மூலத்தில் இருக்கும் இலத்தீனை மாற்றவும் கூடாது. பட்டமளிப்பு விழாவுக்கு வராமல் பட்டம் பெற்றதைக் குறிக்கும் ‘இன் அப்சென்ஷியா’, மதிப்பெண் பட்டியலில் வரும் ‘வைவா வோசி’ போன்றவற்றை அப்படியே வைத்து, விளக்கத்தை அடைப்புக்குறிக்குள் தருவோம். வைவா வோசி என்பது வாய்மொழித் தேர்வு, அவ்வளவுதான். முத்திரைக்குள் இருக்கும் பொன்மொழியைப் பொறுத்தவரை, அது உங்கள் தகுதியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ‘டாக்ட்ரீனா விம் ப்ரோமோவெட் இன்சிட்டம்’ என்பது கல்வி இயல்பான ஆற்றலை வளர்க்கிறது என்று பொருள்படும் வாசகம்; அதில் ‘டாக்டர்’ எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

கையொப்பமிட்டவர்களின் பதவிகளுக்கு வருவோம். நம் நாடுகளில் வேந்தர் பதவி பெரும்பாலும் விழாப் பதவி. பல்கலைக்கழகத்தை நடத்துபவர் துணைவேந்தரே. ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் ‘கான்ஸ்லர்’ எனப்படுபவர் தலைவருக்குக் கீழே நிருவாகத்தையும் நிதியையும் கவனிப்பவர். எனவே துணைவேந்தரை நேர்ச்சொல்லால் பெயர்த்தால், பல்கலைக்கழகத்தின் முதன்மை அதிகாரி நிருவாக அதிகாரியின் உதவியாளர் போலத் தோன்றுவார், அல்லது நம் இளைஞருக்கு நேர்ந்ததுபோல அரசியல்வாதியாகிவிடுவார். ஆங்கிலப் பதவிப் பெயரை வைத்துக்கொண்டு, ‘பல்கலைக்கழகத் தலைவருக்கு ஒப்பான பதவி’ என்று குறிப்புத் தருவதே பாதுகாப்பான வழி. பதிவாளருக்கும் இதே முறைதான். பெறுபேற்றுப் பட்டியலில் சிரேஷ்ட உதவிப் பதிவாளர், பதிவாளருக்காகக் கையொப்பமிட்டிருந்தால், அந்த ‘-க்காக’ என்பதும் மொழிபெயர்ப்பில் வர வேண்டும். கையொப்பம் வாசிக்க முடியாததாக இருந்தால் ‘வாசிக்க இயலாத கையொப்பம்’ என்றுதான் எழுதுவோம். பல்கலைக்கழக இணையதளத்தில் அந்த ஆண்டின் துணைவேந்தர் பெயரைத் தேடி எடுத்து நிரப்பச் சொல்லாதீர்கள்.

இனிப் படம். முத்திரையிடும்போது என் முன் வைக்கப்பட்டது மூலமா, சான்றுபடுத்திய நகலா, வெறும் படமா என்பதை நான் எழுதியாக வேண்டும். படத்திலிருந்து செய்ததை மூலத்திலிருந்து செய்ததாக எழுத மாட்டேன், கெஞ்சினாலும் மாட்டேன். படத்தை ஏற்பார்களா என்று பெறுகிறவரிடம் முதலில் கேளுங்கள். கேட்கும்போதே ஆங்கிலச் சான்றிதழுக்கு மொழிபெயர்ப்புத் தேவையா என்றும் கேட்டுவிடுங்கள். தேவையில்லை என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு, உங்கள் பணம் மிச்சமாகும்.

படம்தான் என்றால், சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்து, சன்னலோரம் மேசையில் விரித்து, ஃபிளாஷ் போடாமல், நான்கு மூலைகளும் தெரியும்படி நேர் மேலிருந்து எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், அங்கே பதிவு எண்ணோ சான்றுபடுத்திய முத்திரையோ இருக்கலாம். அழுத்து முத்திரை இருந்தால், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை எடுங்கள், இல்லையென்றால் அது வெறும் வெள்ளைத் தாளாகவே தெரியும். ஸ்கேன் செயலியின் கறுப்பு-வெள்ளை வடிகட்டி வெளிர்நிற முத்திரைகளை அழித்துவிடும், வண்ணத்திலேயே விடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கி, பதிவு எண்ணில் 6 எது 8 எது என்று தெரியாமல் போகும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். தெளிவில்லாத எண்ணை ஊகித்து எழுத மாட்டோம், ‘தெளிவில்லை’ என்றே எழுதுவோம், அது உங்களுக்குத்தான் பாதகம்.

முதலெழுத்துப் பெயர் விவகாரம் நம்மவர்களுக்கே உரியது. சான்றிதழில் முதலெழுத்துகளும் கடவுச்சீட்டில் முழுப்பெயரும் இருந்தால், மொழிபெயர்ப்பில் நான் அதை விரித்து எழுத முடியாது. இருவரும் ஒருவரே என்பதற்குப் பல்கலைக்கழகத்திடமிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள். அதையும் சேர்த்து மொழிபெயர்த்துத் தருகிறேன்.

பொய்யான பெறுபேற்றைக் காட்டி வேலை பெற்றது பின்னாளில் தெரியவந்தால், ஜெர்மன் சிவில் சட்டத்தின் 123ஆம் பிரிவின்படி ஏமாற்றுதல் என்ற காரணத்தைக் காட்டி நிறுவனம் வேலை ஒப்பந்தத்தைச் செல்லாததாக்க முடியும். அப்போது அந்த வரியை எழுதிய உறவினர் உங்களுடன் வந்து நிற்கப்போவதில்லை. ஆகவே தயவுசெய்து, முத்திரையிடும் முன் நான் அனுப்பும் வரைவில் பெயர், பிறந்த தேதி, பதிவு எண், பட்டம் வழங்கிய தேதி ஆகியவற்றைச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் அன்றே சொல்லுங்கள். வகுப்பை மட்டும் மாற்றித் தரச் சொல்லி எழுதாதீர்கள்.