டெசிபெல், டிபிஎம், டிபிஐ: கூட்டிக் கழித்தால் போதும்

தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு வாழைத்தோட்டம். மோட்டார் ரூமில் ஒரு கேமரா. அதன் படம் 4 கி.மீ. தள்ளி ஊருக்குள் இருக்கும் வீட்டுக்கு வைஃபை வழியாக வர வேண்டும். வீட்டு மொட்டை மாடியில் ஓர் ஆன்டெனா, தோட்டத்தில் ஓர் ஆன்டெனா. சிக்னல் போய்ச் சேருமா சேராதா என்பதைக் கம்பம் நடுவதற்கு முன்பே ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். அதற்கு டெசிபெல் தெரிந்தால் போதும்.

டெசிபெல் என்பது வாட்டைப் போல ஓர் அளவு அல்ல. எத்தனை மடங்கு கூடியது, எத்தனை மடங்கு குறைந்தது என்று மட்டுமே அது சொல்லும். 100 மடங்கை 1,000 மடங்கால் பெருக்கினால் 1,00,000 மடங்கு. சைபர்களை எண்ணிப் பாருங்கள்: இரண்டும் மூன்றும் ஐந்து. பெருக்கல் நடந்தது எண்களில். சைபர்களில் நடந்தது வெறும் கூட்டல். அந்தச் சைபர் எண்ணிக்கைதான் பெல். அதைப் பத்தால் பெருக்கினால் டெசிபெல். 100 மடங்கு 20 டெசிபெல், 1,000 மடங்கு 30 டெசிபெல், இரண்டும் சேர்ந்தால் 50. வழியில் வரும் லாபமும் நஷ்டமும் ஒன்றன் பின் ஒன்றாகப் பெருக்கிக்கொண்டே போவதால்தான், டெசிபெலில் எழுதும்போது அவற்றைக் கூட்டிக் கழித்தால் போதும் என்றாகிறது.

இடைப்பட்ட மடங்குகளுக்கு லாகரிதம் வேண்டும். ஆனால் 2 மடங்கு ஏறக்குறைய 3 டெசிபெல் என்று மனதில் வைத்தால் மற்றவை தானே வரும். 4 மடங்கு என்றால் இரண்டு முறை இரட்டிப்பு, 6 டெசிபெல். 5 மடங்கு என்றால் பத்தில் பாதி. 10 கழித்தல் 3, அதாவது 7 டெசிபெல். குறைந்தால் அதே எண்ணுக்கு முன்னால் மைனஸ். பாதியாகக் குறைந்தால் −3.

டெசிபெல் மடங்கை மட்டும் சொல்வதால், உண்மையான திறனைச் சொல்ல ஒரு அடிப்படை வேண்டும். அந்த அடிப்படையை 1 மில்லிவாட் என்று வைத்தால் கிடைப்பது டிபிஎம். 1 மில்லிவாட் 0 டிபிஎம். 100 மில்லிவாட் 20 டிபிஎம். 1 வாட் 30 டிபிஎம். மைனஸ் டிபிஎம் என்றால் சிக்னல் இல்லை என்று நினைக்க வேண்டாம். 1 மில்லிவாட்டுக்குக் குறைவு, அவ்வளவுதான்.

டிபிஐ ஆன்டெனாவுக்கு உரியது. எல்லாத் திசைக்கும் ஒரே சீராக வீசும் ஒரு கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டு, நம் ஆன்டெனா தன் நேர் திசையில் எத்தனை மடங்கு பலமாக வீசுகிறது என்று சொல்கிறது. சாதாரண டைபோலுக்கு 2.15 டிபிஐ. 15 டிபிஐ பேனல் ஆன்டெனா என்றால் நேர் திசையில் சுமார் 32 மடங்கு. டார்ச் லைட்டின் பல்புக்குப் பின்னால் இருக்கும் பளபளப்பான கிண்ணம் வெளிச்சத்தைக் குவிப்பது போல, பக்கவாட்டில் போக வேண்டியதை முன்னால் திருப்புகிறது. புதிதாகத் திறன் எதையும் உண்டாக்குவதில்லை. அதனால்தான் டிபிஐ கூடக் கூடக் குறி பிசகாமல் திருப்பிவைக்க வேண்டியிருக்கிறது.

இனி நம் தோட்டக் கணக்கு. வைஃபை சேனல் 6, அதாவது 2437 மெகாஹெர்ட்ஸ். தடை எதுவும் இல்லாத வெளியில் சிக்னல் எவ்வளவு இழக்கிறது என்பதற்குச் சூத்திரம் உண்டு. தூரம் கிலோமீட்டரில், அதிர்வெண் மெகாஹெர்ட்ஸில்:

```
L = 32.44 + 20 log10(d) + 20 log10(f)
  = 32.44 + 12.04 + 67.74 ≈ 112 dB
```

112 டெசிபெல் என்றால் சுமார் 15,800 கோடியில் ஒரு பங்கு மிஞ்சுகிறது என்று பொருள். அந்த எண்ணை வைத்துப் பெருக்கி வகுக்க யாருக்கும் பொறுமை இராது. டெசிபெலில் அது ஒரே வரி. வைஃபை சிக்னலை அனுப்பி வாங்கும் பெட்டியான ரேடியோவின் திறன் 20 டிபிஎம், இரண்டு முனையிலும் சிறு கேபிளுக்கும் கனெக்டருக்கும் 1 டெசிபெல் இழப்பு, ஆன்டெனா 15 டிபிஐ என்று வைத்துக்கொண்டால்:

```
20 dBm - 1 + 15 - 112 + 15 - 1 = -64 dBm
```

ரேடியோவின் விவரத்தாளில், வேகமான நிலைக்கு −75 டிபிஎம் தேவை என்று போட்டிருப்பதாகக் கொள்வோம். நமக்கு 11 டெசிபெல் உபரி. மழைக்கும் இலைக்கும் இந்த உபரிதான் காப்பு. இந்தியாவில் உரிமம் வேண்டாத 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஆன்டெனா லாபமும் சேர்த்து 4 வாட், அதாவது 36 டிபிஎம் வரைதான் வீசலாம். நம்முடையது 20 − 1 + 15 = 34; சரியாக இருக்கிறது. இதே ரேடியோவில் 24 டிபிஐ கிரிட் ஆன்டெனா மாட்டினால் 43 ஆகிவிடும். அப்போது ரேடியோவின் திறனைக் குறைத்தே ஆக வேண்டும்.

இப்போது ஒரே ஒரு பொருளை மாற்றிப் பார்க்கலாம். ரேடியோ பெட்டியை வீட்டுக்குள்ளே வைத்துவிட்டு, மாடி ஆன்டெனாவுக்கு 10 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் இழுப்பவர்கள் நிறையப் பேர். 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்தக் கேபிள் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபெல் தின்னும். 1 இருந்த இடத்தில் 10 வருகிறது. பத்தில் ஒன்பது பங்கு கேபிளிலேயே சூடாகிப் போய்விடுகிறது. முடிவு −73. உபரி 2 டெசிபெல்தான். கோடையில் ஓடும், ஐப்பசி மழையில் இலை நனைந்ததும் அறுந்து அறுந்து வரும். எல்எம்ஆர்-400 போட்டால் அதே 10 மீட்டருக்கு 2 டெசிபெல் சொச்சம். அதைவிட நல்லது, ரேடியோவையே ஆன்டெனாவின் அடியில் மாட்டி, லான் கேபிள் வழியாகவே மின்சாரமும் கொடுப்பது. லான் கேபிளின் நீளம் இந்தக் கணக்கில் வரவே வராது.

கூட்டல் எங்கே செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிபிஎம்மோடு டெசிபெலைக் கூட்டலாம்; டிபிஎம்மோடு டிபிஎம்மைக் கூட்டக் கூடாது. 20 டிபிஎம் ரேடியோக்கள் இரண்டு சேர்ந்தால் 200 மில்லிவாட், அதாவது 23 டிபிஎம்; 40 அல்ல. 40 டிபிஎம் என்பது 10 வாட்.

எல்லாம் மாட்டிய பிறகு திரையில் -64 dBm என்று வர வேண்டிய இடத்தில் -74 dBm வருகிறது என்று வையுங்கள். கணக்கில் இல்லாத 10 டெசிபெல் எங்கோ ஒழுகுகிறது. முதலில் இரண்டு முனையிலும் எண்ணைப் பாருங்கள். ஆன்டெனா, கேபிள், வெளி ஆகியவற்றின் இழப்பு போகும்போதும் வரும்போதும் ஒன்றுதான். ஆகவே ஒரே மாதிரி இரண்டு ரேடியோக்களில், இரு பக்கமும் −74 என்றால் குற்றம் பாதையில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் குறைந்தால், எதிர்முனை ரேடியோவின் திறன் குறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் குறைவாகக் காட்டும் ரேடியோவின் ரிசீவரில் கோளாறு.

பாதையில் குற்றம் என்றால் கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். ஆன்டெனாவின் குறி விலகியிருக்கலாம். ஓர் ஆன்டெனா நெட்டுக்குத்தாகவும் மற்றது படுக்கைவாட்டிலும் மாட்டப்பட்டிருந்தால் 20 டெசிபெல் கூடப் போகும். நம் ஊர்ப் பக்கத்தில் அடிக்கடி கவனத்துக்குத் தப்பிவிடுவது பனை. எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 4 கி.மீ. பாதையின் நடுவில், நேர்கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 7 மீட்டருக்காவது வெளி வேண்டும். அதற்குள் பனந்தலையோ தென்னந்தலையோ நுழைந்தால் சூத்திரம் சொன்ன 112 பொய்த்துவிடும். அப்போது பெரிய ஆன்டெனா வாங்குவதைவிடக் கம்பத்தை உயர்த்துவதே முதல் வேலை.